எச்ஐவி யாருடைய கண்டுபிடிப்பு? இரண்டு ஆய்வகங்கள் கணக்கு முடித்த கதை

சேர்ந்து ஆய்வு செஞ்சவங்க பிரியும்போது சாம்பிள், பெயர், பணம் எல்லாம் யாருக்கு? ஒரு வழக்கில் இதை முடித்துவைக்க அமெரிக்க அதிபரும் பிரான்ஸ் பிரதமருமே வர வேண்டியிருந்தது.

1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தது. அதன் சாம்பிளை அமெரிக்காவின் ராபர்ட் காலோ ஆய்வகத்துக்கு அனுப்பியது. ஆய்வுக்கு மட்டும்தான், வணிகத்துக்கு இல்லை என்று கையெழுத்தும் வாங்கியது. 1984-ல் காலோ குழு, எய்ட்ஸுக்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. ரத்தப் பரிசோதனைக்கான அமெரிக்கக் காப்புரிமையும் அவர்களுக்கே போனது. முன்னாடியே விண்ணப்பித்திருந்த பாஸ்டர் நிறுவனம் 1985-ல் வழக்குப் போட்டது.

1987 மார்ச்சில் ரீகனும் சிராக்கும் சமரசத்தை அறிவித்தனர். காப்புரிமையில் இரு தரப்பு பெயரும் இருக்கும். ராயல்டியில் 80 சதவீதம் பொது நிதிக்குப் போகும். அதில் ஒரு பங்கு எய்ட்ஸ் ஆய்வுக்கு, மீதி இருவருக்கும் சமம். சுவாரஸ்யமானது அடுத்ததுதான்: யார் எப்போது என்ன கண்டுபிடித்தார்கள் என்ற காலவரிசையை காலோவும் பாஸ்டரின் லுக் மொன்டாக்னியேவும் சேர்ந்தே எழுதி, 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

ஆனால் ஒரு கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே வைரஸா? மரபணு ஒப்பீடுகளுக்குப் பிறகு, தன் வைரஸ் பாஸ்டர் சாம்பிளிலிருந்தே வந்ததாக 1991-ல் காலோ ஒப்புக்கொண்டார். 1994-ல் ராயல்டி பங்கீடு பிரான்ஸுக்குச் சாதகமாக மாறியது. 2008 நோபல் மொன்டாக்னியே, பிரான்சுவாஸ் பாரே-சினூசிக்குப் போனது. காலோ பெயர் அதில் இல்லை.