வறட்சி என்று அறிவிக்கும் முன் வயலுக்கு வரும் அதிகாரிகள்

2023 செப்டம்பரில் கர்நாடக அரசு 195 தாலுகாக்களை வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. அவற்றில் 161 கடும் வறட்சி, 34 மிதமான வறட்சி. மழை பொய்த்ததென்னவோ ஊருக்கே தெரியும். இந்தத் தாலுகா உண்டு, அந்தத் தாலுகா இல்லை என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வறட்சிக் கையேடு அதற்கு மூன்று படிகளைச் சொல்கிறது.

முதல் படி மழை. இயல்பைவிட எவ்வளவு குறைந்தது என்பதோடு, நடுவில் மழை எத்தனை நாள் விட்டுப்போனது என்பதையும் பார்ப்பார்கள். மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து இயல்பில் பாதிகூடப் பெய்யாவிட்டால் அது கணக்கில் ஏறும். இது அவசியமான விதி. ஜூலையில் நல்ல மழை பெய்து ஆகஸ்டில் அடியோடு நின்றால், பருவத்தின் மொத்தக் கணக்கு அவ்வளவு மோசமாகத் தெரியாது. பயிர் அதற்குள் கருகியிருக்கும். 2023 ஆகஸ்ட், 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட்.

அடுத்தது பாதிப்பின் அடையாளங்கள்: விதைத்த பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமை, மண்ணின் ஈரம், அணை மற்றும் நிலத்தடி நீர். இந்த நான்கு வகைகளில் மூன்றை மாநிலம் தேர்ந்தெடுக்கும். அந்த மூன்றும் கடுமை என்று காட்டினால்தான் கடும் வறட்சி என்று சொல்ல முடியும்.

மூன்றாவது படிதான் தீர்ப்பு. தாலுகாவில் பத்தில் ஒரு பங்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் முக்கியப் பயிர் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஐந்து வயல்களை நேரில் ஆய்வு செய்ய வேண்டும். பயிர் இழப்பு 33 முதல் 50 விழுக்காடு என்றால் மிதமான வறட்சி, 50ஐத் தாண்டினால் கடும் வறட்சி. வயலுக்குப் போகாமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கர்நாடகமே சாட்சி. தாமதமாகப் பெய்த மழையில் பயிர் பச்சையாக நிமிர்ந்துவிட்டது. கதிரில் மணி பிடிக்கவில்லை. செயற்கைக்கோளுக்குத் தெரிவது பச்சை மட்டுமே. இதைப் 'பசுமை வறட்சி' என்று அந்த மாநில அரசு மத்தியக் குழுவிடம் எடுத்துச் சொன்னது.

வெப்ப அலை இவ்வளவு சுற்றி வளைப்பதில்லை. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடியிருந்தாலோ, நேரடியாக 45ஐ எட்டினாலோ போதும். வானிலைத் துறையின் ஒரு உட்பிரிவில் இரண்டு நிலையங்களாவது இரண்டு நாள் தொடர்ந்து அப்படிக் காட்டினால், இரண்டாம் நாளே அறிவிப்பு வந்துவிடும். வெள்ளத்தில் ஆற்றின் அபாய அளவு எச்சரிக்கைக்கு உதவும். நிவாரணமோ, பிறகு கணக்கெடுக்கும் சேதத்தைப் பொறுத்தது.

வறட்சிக்குக் கெடுவும் உண்டு: காரீஃப் பருவத்துக்கு அக்டோபர் 30, ராபிக்கு மார்ச் 31. கடும் வறட்சிக்கு மட்டுமே தேசியப் பேரிடர் நிதியைக் கேட்கலாம். மிதமான வறட்சியை மாநிலமே சமாளிக்க வேண்டும். 40 விழுக்காடு பயிரை இழந்த சிறு விவசாயியை நினைத்தால், இந்தக் கோடு எனக்கு நியாயமாகப் படவில்லை. கடும் வறட்சி என்று ஆனாலும் பணம் உடனே வருவதில்லை. 18,171 கோடி ரூபாய் கேட்ட கர்நாடகம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஏப்ரலில் கிடைத்தது சுமார் 3,450 கோடி.