ஒரே தாளில் மன்றத்தின் வரவு செலவு

பள்ளி மன்றத்தின் வரவு செலவுத் திட்டம் என்பது, ஆண்டு முழுவதும் எவ்வளவு பணம் வரும், அது எதெதற்குப் போகும், கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் தாள். அன்றாடம் வாங்கியதையும் கொடுத்ததையும் தேதிவாரியாக எழுதும் ரொக்கப் புத்தகம் வேறு. பொருளாளர் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். ரொக்கப் புத்தகத்தில் சேரும் தொகைகளை மாதம் ஒருமுறை தலைப்புவாரியாகக் கூட்டித் திட்டத் தாளில் ஏற்றினால், மன்றத்தின் பண நிலை ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, நடுவே ஒரு கோடு போட்டால் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒவ்வொரு பக்கத்திலும் விவரம், திட்டம், நடப்பு, வேறுபாடு என்று நான்கு பத்திகள் வேண்டும். விவரத்துக்கு ஆறு சென்டிமீட்டரும், மற்ற மூன்றுக்கும் இரண்டரை சென்டிமீட்டர் அளவிலும் அகலம் விட்டால் எண்கள் நெருக்கமில்லாமல் அமையும். தாளின் தலையில் மன்றத்தின் பெயர், கல்வியாண்டு, கடைசியாகத் தொகை ஏற்றிய தேதி ஆகியவையும், அடியில் பொருளாளர், பொறுப்பாசிரியர் கையொப்பங்களும் இடம்பெற வேண்டும்.

நாற்பது மாணவர்கள் உள்ள ஒரு அறிவியல் மன்றத்தை எடுத்துக்கொள்ளலாம். நவம்பரில் கண்காட்சியும் அன்றே ஒரு தின்பண்டக் கடையும், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளன்று வினாடி வினாவும் நடத்துவது அதன் எண்ணம். டிசம்பர் இறுதியில் அதன் தாள் இப்படி இருக்கும்:

| வரவு | திட்டம் | நடப்பு | வேறுபாடு | செலவு | திட்டம் | நடப்பு | வேறுபாடு |
|---|---|---|---|---|---|---|---|
| முன் இருப்பு | 650 | 650 | 0 | கண்காட்சிப் பொருட்கள் | 1,600 | 1,850 | −250 |
| உறுப்பினர் சந்தா | 1,800 | 1,550 | −250 | கடைக்கான கொள்முதல் | 1,000 | 1,080 | −80 |
| பெற்றோர் ஆசிரியர் கழக நிதி | 1,500 | 1,500 | 0 | வினாடி வினா பரிசுகள் | 900 | | |
| தின்பண்டக் கடை விற்பனை | 1,600 | 1,720 | +120 | விருந்தினர் உபசரிப்பு | 700 | | |
| | | | | அச்சு, நகல் | 400 | 260 | |
| | | | | எதிர்பாராச் செலவு | 450 | | |
| | | | | இறுதி இருப்பு | 500 | 2,230 | |
| மொத்தம் | 5,550 | 5,420 | −130 | மொத்தம் | 5,550 | 5,420 | |

வரவின் முதல் வரி எப்போதும் முன் இருப்பு. சென்ற ஆண்டு மிஞ்சிய 650 ரூபாயை விட்டுவிட்டால், ஆண்டு முழுவதும் கையில் உள்ள பணமும் தாளும் பொருந்தாது. சந்தா தலைக்கு 50 ரூபாய் என்றாலும், திட்டத்தில் 2,000 எழுதாமல் 36 பேருக்கு உரிய 1,800 மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. எல்லோரும் தருவார்கள் என்று நம்பிச் செலவைத் திட்டமிடுவதைவிட, உறுதியாக வரக்கூடியதை மட்டும் நம்புவது நல்லது.

தின்பண்டக் கடை இரு பக்கமும் இருப்பதற்குக் காரணம் உண்டு. விற்பனையிலிருந்து கொள்முதலைக் கழித்து 600 ரூபாய் லாபம் என்று ஒரே வரியில் எழுதினால், கடை நடத்த முன்பணமாக 1,000 ரூபாய் தேவை என்பது மறைந்துவிடும். ஆசிரியர் அவசரத்துக்குத் தன் கையிலிருந்து தரும் பணத்தையும் வரவாக எழுதக் கூடாது. அது திருப்பித் தர வேண்டிய கடன். தாளின் அடியில் தனியாகக் குறித்து, திருப்பிக் கொடுத்ததும் அடித்துவிடலாம். அந்தக் கடன் தீரும்வரை, பெட்டியை எண்ணும்போது அத்தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். எதிர்பாராச் செலவுக்கு மற்றச் செலவுகளின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஒதுக்குவது வசதியான அளவு.

திட்டப் பத்தியை ஆண்டுத் தொடக்கத்தில் மன்றக் கூட்டத்தில் ஒப்புதல் பெற்றபின் திருத்தக் கூடாது. செலவு கூடும்போது திட்ட எண்ணையே அழித்து மாற்றினால், எங்கே கணிப்பு தவறியது என்பதற்கான தடயம் அழிந்துபோகும். வேறுபாட்டை ஒரு தலைப்பின் வேலை முடிந்தபிறகே எழுத வேண்டும். மேலே அச்சு, நகல் வரியில் அது காலியாக இருப்பது அதனால்தான். பிப்ரவரி அழைப்பிதழ்கள் இன்னும் பாக்கி.

வேறுபாட்டைக் கணக்கிடும் முறை இரு பக்கமும் ஒன்றல்ல. வரவில் நடப்பிலிருந்து திட்டத்தைக் கழிக்க வேண்டும். செலவில் திட்டத்திலிருந்து நடப்பைக் கழிக்க வேண்டும். அப்போது எந்தப் பக்கத்தில் கழித்தல் குறி வந்தாலும் மன்றத்துக்கு அது பாதகம் என்றே பொருள்படும்.

இறுதி இருப்பிலும் இரு பத்திகளுக்கு இரு முறைகள். திட்டப் பத்தியில் அது மொத்த வரவிலிருந்து செலவுகளைக் கழித்துக் கிடைக்கும் எண். நடப்புப் பத்தியில் பணப்பெட்டியைத் திறந்து எண்ணிய தொகையையே எழுத வேண்டும். அங்கும் கழித்து எழுதினால் இரு பக்க மொத்தமும் எப்போதும் சமமாகவே வரும். பணம் குறைந்திருந்தாலும் தாள் அதைக் காட்டாது. கணினியில் விரிதாள் அமைப்பவர்களுக்கும் இதே விதிதான். மூன்று வரிகள் தலைப்புகளுக்குப் போக, விவரங்கள் நான்காம் வரியில் தொடங்குவதாகக் கொண்டால், D5, H5, F10, B11 ஆகிய கட்டங்களில் முறையே இவை வரும்:

```
=C5-B5
=F5-G5
=B11-SUM(F4:F9)
=SUM(B4:B10)
```

நடப்பு இருப்புக்கான G10 கட்டத்தில் சூத்திரம் கூடாது. எண்ணிய தொகையைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும்.

மொத்தங்கள் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்பதே பிழை இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும். அந்தத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு: 540 ரூபாய் பில்லை 450 என்று எழுதினால் 90 ரூபாய் வித்தியாசம் வரும். இரட்டைப்படை எண்ணாக இருந்தால் அதில் பாதியைத் தேடிப் பார்க்கலாம். 200 ரூபாய்ச் செலவைத் தவறுதலாக வரவில் எழுதியிருந்தால், பெட்டியில் 400 ரூபாய் குறைவதுபோல் தெரியும். இரண்டுமில்லை என்றால், ரசீது புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் கோப்பிலுள்ள பில்களையும் ரொக்கப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதுதான்.

டிசம்பர் தாளில் கையிலுள்ள 2,230 ரூபாய் தாராளமாகத் தோன்றும். ஆனால் பரிசுக்கு 900, விருந்தினருக்கு 700, அச்சில் மீதமுள்ள 140 என 1,740 ரூபாய்க்குச் செலவு காத்திருக்கிறது. கண்காட்சியிலும் கொள்முதலிலும் கூடுதலாகப் போன 330 ரூபாய் எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டில் சேரும்; ஆகவே அதில் மீதி 120 மட்டுமே. அதையும் செலவழித்தால் ஆண்டு இறுதியில் 500 ரூபாய்க்குப் பதிலாக 370 ரூபாய் மிஞ்சும். குறையும் 130 ரூபாய் வரவுப் பக்கத்துப் பற்றாக்குறை. சந்தா பாக்கி வைத்திருக்கும் ஐந்து பேர் கொடுத்துவிட்டால் அது ஈடாகி, இருப்பு 620 ஆகும். ஆகவே ஜனவரிக் கூட்டத்தில் பொருளாளர் கேட்க வேண்டியது அந்தச் சந்தா பாக்கியைத்தான். வினாடி வினா பரிசுகளைக் குறைக்கத் தேவையில்லை.

கல்வியாண்டின் கடைசியில் வேறுபாட்டுப் பத்தியை முழுதும் நிரப்பி, பெட்டியை ஒருமுறை எண்ணி, இருவர் கையொப்பத்துடன் தாளை மூட வேண்டும். அதன் இறுதி இருப்பு அடுத்த ஆண்டுத் தாளில் முன் இருப்பாகும். நடப்புப் பத்தி அடுத்த பொருளாளர் தன் திட்டப் பத்தியை எழுத ஆதாரமாகும்.