ஒரு குதிப்பின் கணக்கு

அனிமேஷன் படிக்கும் மாணவருக்கு முதல் ஆண்டிலேயே வரும் பயிற்சி, ஒரு பாத்திரத்தைக் குதிக்க வைப்பது. ஒவ்வொரு படத்தையும் அழகாக வரைந்திருப்பார். ஓட்டிப் பார்த்தால் பாத்திரம் பலூன் போல மிதக்கும். கோளாறு பெரும்பாலும் கோட்டில் இல்லை. எந்தப் படத்தை எந்த இடத்தில் வைத்தார் என்பதில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் கருவிதான் டைமிங் சார்ட்.

முக்கியமான நிலைகளைக் கீ படங்களாக வரையும் அனிமேட்டர், தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுப்பார். கோட்டின் இரு முனைகளும் இரண்டு கீ படங்கள். நடுவே குறுக்குக் கோடுகள் இடைப்படங்கள். குறுக்குக் கோடுகள் நெருங்கினால் அசைவு மெதுவாகும், விலகினால் வேகமாகும். வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால், படங்களின் எண்கள் 1, 3, 5 என்று ஒற்றைப்படையில் போகும்.

பின்னல் போட்ட ஒரு சிறுமி நின்ற இடத்திலேயே குதிப்பதாக வைத்துக்கொள்வோம். இடுப்பில் ஒரு புள்ளி, பின்னலின் நுனியில் ஒரு புள்ளி. இந்த இரண்டையும் மட்டும் பின்தொடர்வோம்.

படம் 1இல் நேராக நிற்கிறாள். 13இல் முழங்கால் மடிந்து, கைகள் பின்னால் போய், நன்றாகக் குனிந்திருக்கிறாள். குதிப்புக்கு முந்தைய இந்தத் தயாரிப்புதான் ஆன்டிசிபேஷன். கால் தரையை உதைக்க உடம்புக்கு இது தேவை. அடுத்து எங்கே பார்ப்பது என்று பார்வையாளரின் கண்ணுக்குச் சொல்லவும் இது தேவை. இதன் சார்ட் இப்படி இருக்கும்:

```
|-----------|-----------|-----------|-----|--|--|
1           3           5           7     9  11 13
```

7ஆம் படத்திலேயே முக்கால் பங்கு குனிந்துவிட்டாள். மிச்சமுள்ள கால் பங்குக்கு மூன்று படங்கள் செலவாகின்றன. அதனால் அடியில் உடல் தயங்கி நிற்பது போலத் தெரியும். கண் அந்த நிலையைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது உந்தல்: 13 முதல் 17 வரை, ஒரு ஃபிரேமுக்கு ஒரு படம். இங்கே சார்ட் தலைகீழாகும். 15ஐ நடுவில் வைக்கக் கூடாது, கால் பங்கு உயரத்தில்தான் வைக்க வேண்டும். 14 அதற்குக் கீழே, 13ஐ ஒட்டி இருக்கும். மெதுவாகத் தொடங்கி வேகம் பிடித்து, 17இல் உடல் முழுதும் நீண்டு கால் விரல்கள் தரையை விடுகின்றன.

காற்றில் 12 ஃபிரேம்: 17இல் கிளம்பி, 23இல் உச்சி, 29இல் தரை. அரை வினாடி காற்றில் இருந்தால் இடுப்பு சுமார் 30 சென்டிமீட்டர்தான் உயரும். அதே உயரத்துக்கு 24 ஃபிரேம் கொடுத்தால் மிதப்பு வந்துவிடும்; ஒரு வினாடி காற்றில் இருக்க வேண்டுமானால் 1.2 மீட்டர் குதித்தாக வேண்டும். ஏறும்போது நேரம் பாதி கழிந்த 20ஆம் படத்தில் உயரத்தின் முக்கால் பங்கு எட்டியிருக்க வேண்டும். இறக்கத்தில் 26ம் அதே உயரத்தில் வரும். மாணவர்கள் இந்த இரண்டையும் சரிபாதியில் வைத்துவிடுகிறார்கள். அப்போது உடலுக்கு எடை இல்லாமல் போகிறது.

29இல் பாதம் தரையைத் தொடுகிறது. 33இல் முழங்கால் மடிந்து உடல் தாழ்கிறது. பிறகு நிமிர்ந்து 45இல் நிலைக்கு வருகிறாள். உடல் நின்றதும் எல்லாம் நின்றுவிடுமா? நிற்காது. 23இல் இடுப்பு உச்சியைத் தொடும்போதும் பின்னல் நுனி ஏறிக்கொண்டிருக்கும்; அதன் உச்சி 26இல்தான். 33இல் இடுப்பு அடியைத் தொடும்போது நுனி இன்னும் விழுந்துகொண்டிருக்கும். 37இல் அடிக்கு வந்து, முன்பக்கம் ஆடி, 49இல்தான் ஓயும். இதுவே ஃபாலோ த்ரூ. அதனால் பின்னலுக்குத் தனி சார்ட் போட வேண்டும். உடலின் சார்ட்டையே அதற்கும் பயன்படுத்தினால், எல்லா உறுப்பும் ஒரே ஃபிரேமில் சட்டென்று நின்று, சிறுமி மரப்பொம்மையாகிவிடுவாள்.

இந்த எண்கள் மாறாத விதியல்ல. யானை குதித்தால் குனிவதற்கு இன்னும் நேரம் வேண்டும். பயந்து துள்ளும் பூனைக்கு ஆன்டிசிபேஷன் ஏறக்குறைய இருக்காது. திடுக்கிடல் அந்தக் குறையிலிருந்துதான் பிறக்கிறது. கார்ட்டூன் பாத்திரம் உச்சியில் கொஞ்சம் கூடுதலாகவே தங்கலாம். ஆனால் அது தெரிந்தே எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

உங்கள் குதிப்பு சரிதானா என்று பார்க்க, எல்லாப் படங்களையும் அடுக்கி, இடுப்புப் புள்ளிகளை மட்டும் ஒரே தாளில் குறியுங்கள். உச்சியிலும் குனிவின் அடியிலும் புள்ளிகள் நெருங்கி, நடுவில் விலகியிருக்க வேண்டும். எங்கும் சம இடைவெளி தெரிந்தால், படத்தைத் திருத்துவதற்கு முன் சார்ட்டைத் திருத்துங்கள்.