மூடியைத் திறக்கட்டுமா?

வாங்க, சத்தம் போடாம சமையற்கட்டு பால்கனிக்கு வாங்க. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் நிற்குதே, அந்த 20 லிட்டர் பெயின்ட் வாளிதான் கதாநாயகன். இரண்டு வாரமாக எங்கள் வீட்டுக் காய்கறிக் கழிவு முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. நாற்றம் வருதா? மூக்கை இன்னும் கிட்டே கொண்டு வாங்க!

இதோ, திறந்தாச்சு. மேலே தெரிவது வெறும் தேங்காய் நார்த்தூள். அதுதான் திரை. கரண்டியால் இரண்டு அங்குலம் விலக்கினால் உள்ளே கொண்டாட்டம்: முருங்கைக்காய்ச் சக்கை, கொத்தமல்லித் தண்டு, டீத்தூள், அவற்றின் மேல் பஞ்சு பஞ்சாக வெள்ளைப் பூஞ்சை. பயப்படாதீங்க, அது நம்ம ஆள். கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே நுண்ணுயிர்கள் சாப்பிடுகிற சூடு அது.

இப்போது திரைக்குப் பின்னால் நடந்த கூத்தைச் சொல்கிறேன். நார்த்தூள் கட்டியாக வரும், தண்ணீரில் ஊறவைத்தால்தான் உதிரும். உதிர்த்த கையோடு, பிழிந்துகூடப் பார்க்காமல் வாளியில் கொட்டினேன். மறுநாள் ஒரு முழுத் தர்பூசணியின் தோல். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி, "ட்ரெய்னேஜ் அடைச்சிருக்காம்மா?" என்று விசாரித்தார்! காய்கறிக் கழிவில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதைக் குடிக்க வேண்டிய நார்த்தூளே வயிறு முட்டக் குடித்திருந்தால்? காற்று புக இடமில்லாமல் அழுகிவிடும். முட்டை அழுகிய வாடை அடித்தால் காரணம் இதுதான்.

செய்தித்தாளை விரித்து மொத்தத்தையும் கொட்டினேன். உலர்ந்த நார்த்தூளையும், கிழித்த முட்டை அட்டையையும் கலந்தேன். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் திரும்ப உள்ளே. இரண்டே நாளில் வாடை போச்சு. இப்போதெல்லாம் நார்த்தூளை வெயிலில் காயவைத்த பிறகே எடுப்பேன். ஒரு கிண்ணம் கழிவென்றால் ஒரு கிண்ணம் நார்த்தூள். நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறல், எப்போதாவது ஒரு கரண்டி புளித்த மோர். வாளியின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை, கீழே ஒரு தட்டு. அவ்வளவுதான் சூத்திரம்.

ஈ? அந்தக் குட்டிப் பழ ஈ பெரும்பாலும் முட்டையாக வாழைப்பழத் தோலோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதனால் தோலை ஓர் இரவு ஃப்ரீஸரில் வைக்கிறேன். ஐஸ்கிரீம் டப்பா என்று நினைத்துத் திறந்த என் மகள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. மீன், எண்ணெய்க் குழம்பு, மீந்த சாதம் எதுவும் இதற்குள் போகாது. போனால் எலிக்கு விருந்துதான்.

வாளி நிரம்பியபின் ஒன்றரை, இரண்டு மாதம் மூடி வைக்க வேண்டும். மழை பெய்த மண் வாசனை வந்தால் உரம் தயார். அதுவரை அன்றாடக் கழிவு எங்கே போகும்? இரண்டாவது வாளியையும் இப்போதே ஓட்டை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.