சிறு இணையக் கடை – 14: பரிந்துரையாளருக்கு எவ்வளவு, எப்போது, எந்த ஆர்டருக்கு?

அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது விற்பனை நடந்த பிறகு பணம் கொடுக்கும் விளம்பர முறை. யூடியூப் சேனல் நடத்துபவரோ, இன்ஸ்டாகிராமில் வீட்டு அலங்காரம் பற்றிப் பதிவிடுபவரோ ஒரு கடையின் பொருளைத் தம்மைப் பின்தொடர்பவர்களுக்குக் காட்டுகிறார். அவர் கொடுத்த லிங்க் வழியாக வந்தவர் வாங்கினால், விலையில் ஒரு பங்கு அவருக்குக் கமிஷனாகப் போகிறது. 1996இல் அமேசான் தொடங்கிய அசோசியேட்ஸ் திட்டம்தான் இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற தளங்களில் கடை வைத்திருப்பவர்கள் இன்று ஒரு துணைச் செயலியை நிறுவி, ஒரே நாளில் இதைத் தொடங்கிவிடலாம். தொடங்கிய பிறகு விடாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ஆர்டர் உண்மையிலேயே அந்தப் பரிந்துரையால் வந்ததா? கமிஷன் விகிதமும், கண்காணிப்பும், மோசடிச் சோதனையும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைகின்றன.

விகிதத்தை நிர்ணயிக்கும்போது பல கடைக்காரர்கள் மற்ற கடைகள் எவ்வளவு தருகின்றன என்று பார்த்து அதையே வைத்துவிடுகிறார்கள். ஆனால் மற்ற கடையின் லாபம் வேறு, செலவு வேறு. கணக்கு சொந்தக் கடையின் ஒரு ஆர்டரிலிருந்து தொடங்க வேண்டும். ஈரோட்டிலிருந்து பருத்திப் படுக்கை விரிப்பு விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். விரிப்பின் விலை ஜிஎஸ்டி நீங்கலாக 1,000 ரூபாய். கொள்முதல் 520, பேக்கிங்கும் கூரியரும் 110, பணம் பெறும் கட்டணம் 25 என்று கழித்தால் 345 ரூபாய் மிஞ்சுகிறது. ஆனால் அனுப்பிய எல்லாமே வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்வதில்லை. கேஷ் ஆன் டெலிவரி உள்ள கடையில் வாங்க மறுத்துத் திரும்பி வரும் பார்சல்கள் கணிசம். நூற்றுக்குப் பதினைந்து திரும்புகிறது, ஒவ்வொன்றுக்கும் போகவர 200 ரூபாய் செலவாகிறது என்று வைத்தால், சேர்ந்த ஆர்டர் ஒன்றுக்கு உண்மையில் நிற்பது சுமார் 310 ரூபாய்தான். கமிஷனும், கடையின் மற்ற செலவுகளும், லாபமும் இதற்குள் அடங்க வேண்டும்.

10 சதவீதம் கமிஷன் கொடுத்தால் 100 ரூபாய் போய் 210 நிற்கும். இது தாங்கக்கூடிய எண்ணாகத் தோன்றும். சிக்கல், பெரும்பாலான பரிந்துரையாளர்கள் தங்கள் பார்வையாளர்களுக்கு ஒரு கூப்பனும் கேட்பார்கள் என்பதில் இருக்கிறது. 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் விலையில் 100 ரூபாய் குறைகிறது. குறைந்த விலையான 900இல் கமிஷன் 90. மிச்சம் 120 மட்டுமே. கமிஷனையும் கூப்பனையும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ளும் கடை, பாதி லாபத்துக்கு மேல் கொடுத்துவிட்டதை மாதக் கடைசியில்தான் உணர்கிறது. இரண்டையும் ஒரே தொகையாகக் கருதி, அதைப் பரிந்துரையாளருக்கும் வாங்குபவருக்கும் எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்வதே சரி.

இதோடு கணக்கு முடிவதில்லை. ஒரு பரிந்துரையாளர் பேரில் பதிவான 100 ஆர்டர்களில் 30 பேர் எப்படியும் வாங்கியிருப்பார்கள் என்றால், கடைக்கு அவரால் கிடைத்தது 70 ஆர்டர்தான். கூப்பன் இல்லாத நிலையிலேயே, 70 ஆர்டரின் 21,700 ரூபாயிலிருந்து 100 ஆர்டருக்கான கமிஷன் 10,000 கழிந்தால் 11,700 மிஞ்சும். ஆர்டருக்கு 210 என்று தோன்றியது 117 ஆகிவிடுகிறது. அந்த முப்பதைத் துல்லியமாக அளக்க எளிய வழி கிடையாது. ஆனால் பழைய வாடிக்கையாளருக்கும் புதியவருக்கும் வேறு வேறு விகிதம் வைக்கலாம். முதன்முறை வாங்குபவருக்கு 10, ஏற்கெனவே வாங்கியவருக்கு 3 என்று வைத்தால் கமிஷன் அது சேர வேண்டிய இடத்துக்கு நெருங்கிப் போகும். வரி, கூரியர், தள்ளுபடி நீங்கிய தொகையில்தான் சதவீதம் கணக்கிடப்படும் என்பதையும் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது கண்காணிப்பு. ஒவ்வொரு பரிந்துரையாளருக்கும் ஓர் அடையாளம் தரப்பட்டு, அது லிங்கின் கடைசியில் `?ref=ml27` என்பதுபோல ஒட்டிக்கொள்கிறது. லிங்கைத் தொட்டு வந்தவரின் பிரவுசரில் கடை ஒரு குக்கீயை எழுதி அந்த அடையாளத்தைச் சேமிக்கிறது. ஆர்டர் பதிவாகும்போது குக்கீயைப் படித்து, ஆர்டர் விவரத்தோடு சேர்த்து வைக்கிறது. குக்கீயை எந்த முறையில் எழுதுகிறோம் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கீயை ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2019 முதல் ஏழு நாளில் அழித்துவிடுகிறது. முப்பது நாள் காலக்கெடு என்று பரிந்துரையாளருக்கு வாக்குக் கொடுத்த கடை, ஐபோன் வைத்திருப்பவர்கள் விஷயத்தில் அந்த வாக்கைத் தெரியாமலே மீறுகிறது. கடையின் சர்வரே தன் சொந்த முகவரியிலிருந்து குக்கீயை அனுப்பினால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும்:

```
Set-Cookie: ref=ml27; Max-Age=2592000; Path=/; Secure; HttpOnly; SameSite=Lax
```

இதிலுள்ள 2592000 என்பது நொடிகளில் முப்பது நாள்.

குக்கீயால் பிடிக்க முடியாத வாடிக்கையாளர்களும் நிறைய உண்டு. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே லிங்கைத் தொட்டால் பக்கம் அந்தச் செயலிக்குள் இருக்கும் பிரவுசரில் திறக்கிறது. குக்கீ அங்கேயே தங்கிவிடுகிறது. இரவு அதே நபர் குரோமைத் திறந்து கடையின் பெயரைத் தட்டச்சு செய்து வாங்கினால், பரிந்துரையின் தடமே இருக்காது. வீடியோவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கைபேசியில் வாங்குபவரும் அப்படித்தான். அதனால் பரிந்துரையாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கூப்பன் குறியீடு தருவது வழக்கம். வாங்குபவர் குறியீட்டை இட்டாலே கணக்கு அவர் பேரில் ஏறும். குக்கீ ஒருவரையும் கூப்பன் இன்னொருவரையும் காட்டினால் யாருக்குக் கமிஷன் என்ற விதியைத் திட்டம் தொடங்கும் முன்பே வகுக்க வேண்டும். வாங்குபவர் தாமாக நினைவு வைத்து இட்டது என்பதால் கூப்பனுக்கு முன்னுரிமை தருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் குறியீடு பொதுவெளியில் கசியாதவரை மட்டுமே செல்லும். கூப்பன் திரட்டும் தளங்களிலும் டெலிகிராம் குழுக்களிலும் அது ஏறிவிட்டால், வாங்க முடிவு செய்துவிட்டுத் தள்ளுபடி தேடி வந்தவர்களின் ஆர்டர் எல்லாம் ஒருவர் பேரில் குவியும்.

மோசடிச் சோதனைக்கு இங்கிருந்துதான் வழி பிறக்கிறது. பரிந்துரையாளர் திட்டத்தில் நடக்கும் பெரும்பாலான மோசடி இல்லாத விற்பனையை உருவாக்குவதல்ல. வேறு வழியில் வந்த விற்பனைக்கு உரிமை கொண்டாடுவது. ஆகவே, விற்பனை எண்ணிக்கையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. கிளிக்குக்கும் ஆர்டருக்கும் உள்ள உறவைப் பார்க்க வேண்டும்.

விரிப்புக் கடையின் ஒரு மாதப் பதிவில் மூன்று பேர் இருப்பதாகக் கொள்வோம். முதலாமவர் 600 கிளிக் அனுப்பி 12 ஆர்டர் பெற்றார். கிளிக்குக்கும் ஆர்டருக்கும் இடையே சிலருக்குப் பத்து நிமிடம், சிலருக்கு நான்கு நாள். மனிதர்கள் யோசித்து வாங்கும் விதம் இதுதான்.

இரண்டாமவருக்கு 50 கிளிக், 40 ஆர்டர். கிளிக் நடந்து ஒரு நிமிடத்துக்குள் பணம் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு விரிப்பின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கவே அந்த நேரம் போதாது. அதே பிரவுசர் கிளிக்குக்கு முன்பே கடைக்குள் இருந்ததா என்று சர்வர் பதிவில் பார்த்தால் விடை கிடைக்கும்: வாடிக்கையாளர் கூடையை நிரப்பிய பிறகுதான் கிளிக் பதிவாகியிருக்கும். கூப்பன் தேடித் தரும் பிரவுசர் நீட்சிகள் இப்படி இயங்க முடியும். பேபால் நிறுவனத்தின் ஹனி நீட்சி கடைசி நேரத்தில் பிறர் பரிந்துரையை அழித்துத் தன் அடையாளத்தை இட்டது என்ற குற்றச்சாட்டு 2024 டிசம்பரில் பெரும் விவாதமானது. அடுத்த ஆண்டு கூகுள் தன் குரோம் நீட்சிகளுக்கான விதிகளை இறுக்கியது. சிறு கடைக்கு எளிய தீர்வு உண்டு. கூடையில் பொருள் சேர்ந்த பிறகு வரும் புதிய `ref` மதிப்பை ஏற்காமல் விட்டுவிட்டால் போதும்.

ஒரு நிமிட ஆர்டர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கடையின் பெயரையே கூகுள் விளம்பரச் சொல்லாக வாங்கி, அந்தப் பெயரைத் தேடுபவரைத் தன் லிங்க் வழியாகத் திருப்பிவிடுவது. விளம்பரத்தைக் கடை இருக்கும் ஊரில் காட்டாமல் மறைப்பது இவர்களுக்கு எளிது. வேறு ஊரிலுள்ள நண்பரிடம், இரவு நேரத்தில் கடைப் பெயரைத் தேடித் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வது நல்ல சோதனை.

மூன்றாமவர் 9,000 கிளிக் அனுப்பியிருக்கிறார், ஆர்டர் 11. இது குக்கீ திணிப்பின் முகம். ஏதோ ஒரு பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் பின்னணிச் சாளரத்தில் கடையின் லிங்கைத் திறந்து, பார்ப்பவர் எதையும் தொடாமலே குக்கீயை எழுதிவிடுகிறார்கள். அவர்களில் யாரேனும் பின்னால் தற்செயலாகக் கடைக்கு வந்து வாங்கினால் கமிஷன் விழும். ஈபே நிறுவனம் இதற்காக 2008இல் வழக்குத் தொடுத்தது. அதன் திட்டத்தில் மிக அதிகமாகச் சம்பாதித்தவர்களில் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2014இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நொடியே மறையும் ஆயிரக்கணக்கான வருகைகளும், எந்தத் தளத்திலிருந்து வந்தது என்ற தகவல் இல்லாத கிளிக்குகளும் இதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் மலிவான விளம்பரத்தில் ஆட்களை அள்ளி அனுப்பும் நேர்மையானவரின் எண்ணும் இப்படித்தான் இருக்கும். எண் சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்பு சொல்லாது.

கேஷ் ஆன் டெலிவரியில் மட்டும் பொய் ஆர்டர் போடுவது எளிது. கமிஷன் ஆர்டர் அன்றே உறுதியாகும் திட்டத்தில், பரிந்துரையாளர் தம் நண்பர்கள் பெயரில் ஆர்டர் போட்டு, பார்சலை வாங்காமல் திருப்பிவிட்டுக் கமிஷனைப் பெற முடியும். பார்சல் சேர்ந்து, திருப்பித் தரும் கெடுவும் முடிந்த பிறகே கமிஷன் உறுதியாகும் என்ற ஒரே விதி இந்த வழியை அடைத்துவிடுகிறது. ஏழு நாள் திருப்பும் கெடு உள்ள கடைக்கு, ஒரு மாத விற்பனைக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி பணம் தருவது போதுமான இடைவெளி. பரிந்துரையாளரின் கைபேசி எண், முகவரி, வங்கிக் கணக்குப் பெயர் ஆகியவற்றை ஆர்டர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சொந்தக் கொள்முதலும் வெளிப்படும். ஒப்பந்தத்தில் அது தடுக்கப்பட்டிருந்தால் அந்த வரிகளை மட்டும் நீக்கலாம்.

சந்தேகம் எழுந்தவுடன் கணக்கை முடக்குவதைவிட, அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, லிங்க் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, பார்வையாளர் எங்கிருந்து வருகிறார்கள் என்று எழுத்தில் கேட்பது நல்லது. நேர்மையானவர் பக்க முகவரியும் பதிவின் படமும் அனுப்பிவிடுவார். பதில் தராதவரின், அல்லது தாம் காட்டும் பக்கத்தில் அத்தனை கிளிக்குக்கு வழியே இல்லாதவரின் கமிஷனை, ஒப்பந்தத்தில் எண்ணிட்டு எழுதிய விதியைச் சுட்டிக்காட்டி ரத்து செய்யலாம். அந்த ஆர்டர்களின் கிளிக் நேரம், ஆர்டர் நேரம், வந்த தளம் ஆகிய மூன்றையும் குறைந்தது ஓர் ஆண்டு அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். தகராறு வந்தால் கடையின் கையில் இருக்கும் சான்று அதுதான்.