பார் வெளுத்தால் பாடு எப்போது குறையும்?

மன்னார் வளைகுடாக் கரையில் கடல் உயிரியலாளர் ஒருவர் பவளப்பாறை பற்றிப் பேச வந்தால், கூட்டத்திலிருந்து முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பார் செத்துப்போச்சா?" நியாயமான கேள்வி. ஆனால் வலையும் கூடும் வைத்துப் பிழைப்பவர்கள் அதோடு உட்கார்ந்துவிடக் கூடாது.

வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. பவள உயிரியின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கி அவை சமைக்கும் உணவில்தான் பவளத்தின் பெரும்பங்குத் தேவை தீர்கிறது. அதன் நிறமும் அவற்றால் வருவதே. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீர் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தாலே பவளம் பாசியை வெளியேற்றிவிடும். பிறகு கண்ணாடிபோன்ற சதைக்குள் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், நிறமும் திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். வெறுங்கூட்டின்மேல் சில வாரங்களில் பழுப்புப் பாசி படரும். ஆகவே பேச வந்தவரிடம் "எவ்வளவு வெளுத்தது" என்று கேட்பதோடு, "வெளுத்ததில் எவ்வளவு மீண்டது, அதை எந்த மாதம் எண்ணினீர்கள்" என்றும் கேட்க வேண்டும். கோடையில் எடுத்த கணக்கும் மழைக்காலத்தில் எடுத்த கணக்கும் ஒன்றாக இருக்காது.

2016இல் மன்னார் வளைகுடாவில் நடந்ததைப் பார்க்கலாம். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள தீவுகளைச் சுற்றி அந்தக் கோடையில் நீர் 30 டிகிரிக்கு மேலேயே நின்றது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மூழ்கி எடுத்த கணக்கின்படி, கடலடியில் சுமார் 39 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு ஏறக்குறைய 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. மான்கொம்புபோல் கிளைவிடும், வேகமாக வளரும் வகைகளுக்கே அடி அதிகம். உருண்டு திரண்ட வகைகள் பெரும்பாலும் தாங்கின. மீனவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். குஞ்சு மீன்கள் ஒளிந்து வளர்வது அந்தக் கிளைகளின் இடுக்கில்தான்.

அப்படியானால் மறு வருடமே பாடு குறையுமா? இதற்கான விடை பலரும் எதிர்பார்ப்பதுபோல் இல்லை. செத்த பவளத்தின் கிளைகள் சில வருடம் நின்றுகொண்டே இருக்கும். அலையும், கல்லைத் துளைக்கும் உயிர்களும் அவற்றை மெல்ல நொறுக்கிய பிறகே மறைவிடம் போகும். அதுவரை பெரிய மீன் அங்கேயே திரியும். இழப்பு குஞ்சுகளில் தொடங்கி, அவை வளர்ந்து கூட்டுக்குள் வரவேண்டிய காலத்தில்தான் கரைக்குத் தெரியவரும்.

செஷல்ஸ் தீவுகளின் அனுபவம் இதை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. 1998 வெப்பத்தில் அங்கே உயிர்ப்பவளத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் போனது. பிறகு தொடர்ந்து கவனிக்கப்பட்ட 21 பார்களில் 12 மீண்டன. 9 பாசிமேடுகளாக மாறின. அங்கும் நம் பாம்பன், கீழக்கரைப் பக்கம்போலக் கூடு வைத்து மீன் பிடிக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேற்பட்ட பிடிப்புக் கணக்கைப் புரட்டியபோது, மொத்த எடை விழவில்லை என்று தெரிந்தது. பாசி மேயும் ஓரா வகை மீன்கள் பெருகி எடையை நிரப்பியிருந்தன. ஆனால் பாடு சீராக இல்லை. ஒரு கூட்டில் நிறைய, அடுத்ததில் ஒன்றுமில்லை என்று இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் கூடியது.

மொத்த டன் கணக்கை மட்டும் பார்த்து "பாதிப்பில்லை" என்று சொல்லிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. களவாவுக்கும் விளைமீனுக்கும் கிடைக்கும் விலை ஓராவுக்குக் கிடைக்காது. வெறுங்கூட்டோடு திரும்பும் நாளிலும் டீசல் செலவு குறையாது. அதனால் உரையின் முடிவில் கேட்க வேண்டியது இது: எங்கள் இறங்குதளத்தில் எடையை மட்டுமா குறிக்கிறீர்கள், அல்லது எந்த மீன், எந்தப் பாரில், எத்தனை கூட்டுக்கு என்றும் குறிக்கிறீர்களா? வெளுப்புக்கு முந்தைய வருடங்களின் கணக்கு கையில் இருக்கிறதா?

பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்க்கும் பணியைப் பற்றியும் தயங்காமல் கேட்கலாம். தூத்துக்குடிக் கடலில் அது பல வருடங்களாக நடக்கிறது, நட்டவை வளரவும் செய்கின்றன. ஆனால் நடுவதற்குத் தோதானவை பெரும்பாலும் வேகமாக வளரும் கிளை வகைகள். சூட்டில் முதலில் சாகிறவையும் அவையே. நட்டவற்றில் எத்தனை 2016ஐத் தாண்டின, எந்த ஆழத்தில், எந்தத் தீவுப் பக்கம் என்று கேட்டால், அடுத்த துண்டை எங்கே நடலாம் என்பதைக் கூட்டத்தில் இருப்பவர்களும் சேர்ந்து சொல்ல முடியும். எந்தப் பாரில் நீரோட்டம் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும் என்பது, அங்கே தினமும் கூடு இறக்குகிறவருக்குத் தெரியும்.