தீபாவளி மலிவு விற்பனையும் பதினான்கு நாள் பொறுமையும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சம்பள நாள் வந்தால் துணி மூட்டையோடு ஒருவர் வருவார், பாத்திரக் கட்டோடு இன்னொருவர் வருவார். "இப்ப எடுத்துக்குங்க அக்கா, காசு மெதுவா குடுங்க" என்பார்கள். லயத்து வாசலில் நின்று பேசும் அந்தப் பேச்சில் மயங்கி, தேவையில்லாததை வாங்கியவர்கள் ஏராளம்.

நம் நாட்டின் 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. வீட்டு வாசலில் செய்துகொள்ளும் விற்பனை ஒப்பந்தத்திற்கு 10 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். பேச்சின் சூடு தணிந்த பிறகு எடுக்கும் முடிவுதான் உண்மையான முடிவு என்பதே அந்தச் சட்டத்தின் எண்ணம். அமெரிக்காவில் 1972-இல் கொண்டுவந்த விதி இதே காரணத்திற்காக 3 வேலை நாள் தருகிறது.

இன்று வியாபாரி வாசலில் நிற்பதில்லை. கேமரன் மலையில் லெம்பா பெர்த்தாம் பக்கம் கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்புபவரின் கைப்பேசிக்குள் இருக்கிறார். ஆனால் இணையக் கடையில் நாம் வாங்கும் சாதாரணப் பொருளுக்கு அந்தப் பத்து வேலை நாள் அவகாசம் கிடையாது. பொருளைத் திருப்பி அனுப்பும் வசதியைச் சில தளங்கள் தருகின்றன. அது அந்தத் தளம் வகுத்த விதி, எப்போது வேண்டுமானாலும் மாறலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளுக்கும் சட்டமே 14 நாள் தருகிறது. நமக்கு அது இல்லாததால், அந்த 14 நாளை வீட்டில் நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காத்திருப்பை எங்கே வைப்பது?

'ஆசைப்பட்டதும் வாங்காதே, சில நாள் பொறு' என்ற விதியைப் பலர் முயன்று பார்த்துக் கைவிட்டிருப்பார்கள். காரணம் எளிது. 10.10 போன்ற விற்பனையின் பெரிய கழிவுகள் ஒரே நாளில் முடிந்துவிடும். அதிலும் சில விலைகள் இரண்டு மணி நேரம்தான். திரையில் கடிகாரம் இறங்கிக்கொண்டே வரும்போது பதினான்கு நாள் பொறுப்பது யாருக்கும் நடக்காது.

ஆனால் இந்த விற்பனை நாள்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. எனவே காத்திருப்பை விற்பனைக்கு முன்னால் வைக்க வேண்டும். இவ்வாண்டு தீபாவளி நவம்பர் 8. அதற்கு முன் வரும் பெரிய விற்பனை அக்டோபர் 10. அதிலிருந்து 14 நாள் பின்னால் எண்ணினால் செப்டம்பர் 26, சனிக்கிழமை. அன்று இரவுக்குள் பட்டியலில் எழுதாத எதையும் 10.10 அன்று வாங்குவதில்லை. விதி இவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலைச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். அதாவது, கையில் காசு புதிதாக இருக்கும் நேரத்தில்தான் 10.10 வருகிறது, 11.11 வருகிறது. சம்பள நாளில் மூட்டையோடு வந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பத்தின் பட்டியல்

உதாரணத்திற்குத் தேயிலைத் தோட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவரின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென்.

செப்டம்பர் 26 அன்று ஒரு தாளில் நான்கு பொருள்களை எழுதுகிறார்கள். மகளுக்குப் பாவாடை சட்டை 89 ரிங்கிட், திரைச்சீலை 120, ஏர் பிரையர் 259, ஒலிபெருக்கி 149. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அன்றைய விலையையும் தேதியையும் குறிக்கிறார்கள். மொத்தம் 617 ரிங்கிட். தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படுகிறது.

அக்டோபர் 9 இரவு, தாளைப் பார்க்காமல் பட்டியலை ஒப்பிக்கச் சொல்கிறார்கள். பாவாடை சட்டையும் திரைச்சீலையும் உடனே நினைவுக்கு வருகின்றன. ஏர் பிரையர் கொஞ்சம் யோசித்த பிறகு வருகிறது. ஒலிபெருக்கி யாருக்குமே நினைவில்லை, அதைக் கேட்ட மகனுக்கும்கூட. அது அடிக்கப்படுகிறது.

மறுநாள் விற்பனை தொடங்குகிறது. ஏர் பிரையருக்கு 'அசல் விலை 399, இன்று 249, 38 விழுக்காடு கழிவு' என்று திரை சொல்கிறது. தாளோ 259 என்கிறது. உண்மையில் குறைந்தது 10 ரிங்கிட்தான். 249 ரிங்கிட் என்பது ஏறக்குறைய நான்கு நாள் கூலி. பத்து ரிங்கிட் கழிவுக்காக நான்கு நாள் கூலியைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். பாவாடை சட்டை 79-க்கும் திரைச்சீலை 99-க்கும் வந்திருக்கின்றன. இரண்டும் வாங்கப்படுகின்றன. செலவு 178 ரிங்கிட்.

பதினான்கு நாள் முன்பு விலையை எழுதி வைக்காமல் இருந்திருந்தால், 150 ரிங்கிட் மிச்சம் என்ற மகிழ்ச்சியில் ஏர் பிரையர் வீட்டுக்கு வந்திருக்கும்.

விதி எங்கே உடையும்?

முதலாவது, தவணை. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' முறையில் அந்த 249 ரிங்கிட் மாதம் 83 ரிங்கிட்டாக, மூன்று முறை என்று தெரியும். 83 ரிங்கிட்டுக்கு யார் பதினான்கு நாள் காத்திருப்பார்? ஆனால் அந்தத் தவணை நவம்பர், டிசம்பர் தாண்டி ஜனவரியில் பள்ளிச் செலவோடு வந்து நிற்கும். எனவே தாளில் எப்போதும் முழு விலையைத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, இணையக் கூடை. பட்டியலுக்குப் பதிலாகப் பொருளைக் கூடையில் போட்டு வைத்தால், "இன்னும் இரண்டுதான் மிச்சம்" என்று தளம் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். ஆசை ஆறாது. தாளுக்கு அந்தக் குரல் கிடையாது. விற்பனைக் காலத்தில் அந்தச் செயலிகளின் அறிவிப்புகளையும் நிறுத்தி வையுங்கள்.

மூன்றாவது, சில்லறைப் பொருள்கள். பத்துக்கும் இருபதுக்கும் பட்டியல் போட்டால் யாருக்கும் அலுத்துவிடும். 30 ரிங்கிட்டுக்குக் குறைந்தவற்றை விதியிலிருந்து விட்டுவிடலாம். ஆனால் அவற்றின் மொத்தத்திற்கு ஒரு வரம்பு வேண்டும், ஒரு விற்பனைக்கு 50 ரிங்கிட் என்பது போல. ஐந்து ரிங்கிட் அனுப்பும் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பதினைந்து ரிங்கிட் பொருளைச் சேர்ப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

காத்திருக்கக் கூடாதவை

அடுப்பு உடைந்துவிட்டால் பதினான்கு நாள் காத்திருக்க முடியாது. இருந்து பழுதானதை மாற்றுவதற்கு இந்த விதி வேண்டாம். தைக்கக் கொடுக்க வேண்டிய துணிக்கும் வேண்டாம், தையல்காரர் தீபாவளிக்கு நெருக்கத்தில் கொடுத்தால் வாங்கமாட்டார். மருந்து, பள்ளிப் பொருள் ஆகியவையும் அப்படியே.

பட்டியலில் இருந்தும் விற்பனையில் தீர்ந்துபோகும் பொருள்கள் இருக்கும். அப்போது கையருகில் கிடைக்கும் வேறொன்றை எடுக்கத் தோன்றும். அது பட்டியலில் இல்லாத புதிய பொருள். அதற்குரிய நாள் 11.11. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் வரும் அந்த விற்பனைக்கான தாளை அக்டோபர் 28 இரவுக்குள் எழுதிவிடுங்கள்.